பெயரைக் கேட்டெழுதும் மின்னஞ்சல்

வேலைக்கு விண்ணப்பிப்பவர் தன்விவரக் குறிப்புடன் சேர்த்து அனுப்பும் ஒரு பக்கக் கடிதத்தை முகப்புக் கடிதம் என்கிறோம். அலுவலகங்களில் இதனைக் ‘கவரிங் லெட்டர்’ என்று சொல்வர். தன்விவரக் குறிப்பு, படிப்பையும் பட்டறிவையும் வரிசைப்படுத்திக் காட்டும். முகப்புக் கடிதமோ ஒருவர் மற்றொருவரிடம் நேராகப் பேசுவது போன்றது. ஆகவே அதன் முதல் வரியில் பெறுபவரின் பெயர் வரவேண்டியிருக்கிறது. அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்பது தெரியாதபோது, கடிதத்தை அனுப்பும் முன்னர் நிறுவனத்திற்கு எழுதிக் கேட்கும் சிறிய மின்னஞ்சலைப் பற்றியே இப்பாடம் பேசுகிறது.

இதை ஓர் எடுத்துக்காட்டின் வழியாகக் காண்போம். வணிகவியலில் பட்டம் பெற்ற கயல்விழி என்னும் பெண் வேலை தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் நீரேற்றுப் பம்புகள் செய்யும் ஒரு நிறுவனத்தின் விளம்பரம், 11ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் நாளிதழில் வெளிவருகிறது. கணக்கு உதவியாளர் ஒருவர் தேவை. தன்விவரக் குறிப்பையும் ஆங்கிலத்தில் எழுதிய முகப்புக் கடிதத்தையும் மனிதவள மேலாளர் ம. ஜோதி அவர்களுக்கு 20ஆம் நாளுக்குள் மின்னஞ்சலில் அனுப்புக என்பது விளம்பரத்தின் செய்தி. கயல்விழி கணினியின் முன் அமர்ந்து ஆங்கிலத்தில் ‘Dear’ என்று தட்டச்சு செய்கிறார். அடுத்த சொல்லில் கை நின்றுவிடுகிறது.

ஒரு பெயர், பல எழுத்துகள்

தமிழில் ‘ஜோதி’ என்பதற்கு இரண்டே எழுத்துகள். ஆங்கிலத்தில் அதன் தொடக்கத்தை Jo என்றும் எழுதலாம், Jyo என்றும் எழுதலாம். இடையிலுள்ள மெய்யை th என்றோ, t என்றோ, dh என்றோ எழுதலாம். இறுதியை i என்றும் y என்றும் முடிக்கலாம். இரண்டு, மூன்று, இரண்டு ஆகியவற்றைப் பெருக்கினால் பன்னிரண்டு வடிவங்கள் கிடைக்கின்றன. பன்னிரண்டும் வழக்கில் இருப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் Jothi, Jothy, Jyothi, Jyoti ஆகிய நான்கையும் நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளிலேயே காணலாம்.

இந்த வேறுபாட்டிற்குக் காரணம் மொழியின் அமைப்பில் இருக்கிறது. தமிழ் நெடுங்கணக்கில் க, ச, ட, த, ப ஆகிய எழுத்துகள் ஒவ்வொன்றும், அது சொல்லில் நிற்கும் இடத்திற்கேற்ப ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிகளைத் தருகின்றன. ‘தம்பி’ என்பதில் பகரம் ஒலிக்கும் விதமும் ‘பல்’ என்பதில் ஒலிக்கும் விதமும் வேறு. தமிழ் படிப்பவருக்கு இதில் இடர் இல்லை. இடமே ஒலியைச் சொல்லிவிடும். ஆங்கில எழுத்துக்கு மாறும்போதோ, எழுதுபவர் p, b என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ழகரத்திற்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தே இல்லாமையால் zh என்று இரண்டெழுத்தை இணைக்கிறோம். சிலர் l என்று எழுதி அமைகின்றனர். ‘தமிழ்’ என்னும் சொல்லே Tamil என்றும் Thamizh என்றும் இருவகையாக வழங்குகிறது.

அறிஞர்கள் இதற்கு ஒரு முறை வகுக்கவில்லையா என்று கேட்கலாம். வகுத்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, எழுத்தின் மேலும் கீழும் குறியிட்டு ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஓர் உரோமன் எழுத்தைத் தந்திருக்கிறது. 2001இல் ஐ.எஸ்.ஓ. 15919 என்னும் பன்னாட்டுத் தரமும் வந்தது. அம்முறைப்படி ‘ஜோதி’ jōti என்று அமையும். நூலகப் பட்டியலுக்கும் ஆய்வேட்டுக்கும் இது பொருத்தமானதே. ஆனால் மனிதர் எவரும் தம் பெயரை அவ்வாறு எழுதிக்கொள்வதில்லை. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலுக்காகப் பள்ளியில் எழுதிக் கொடுத்த வடிவம் எதுவோ, அதுவே சான்றிதழில் ஏறி, வங்கிக் கணக்கிலும் கடவுச்சீட்டிலும் தொடர்ந்து, வாழ்நாள் முழுவதும் உடன்வருகிறது. ஒலிக்குப் பொருந்துகிறதா என்பது அங்கே இரண்டாம் கேள்விதான்.

புகழ்பெற்றவர்களின் பெயர்களே இதற்குச் சான்று. 1983இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், தம் பெயரின் முற்பகுதியை Subrahmanyan என்று எழுதினார். பசுமைப் புரட்சிக் காலத்தில் மைய அரசில் உணவு, வேளாண் துறை அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் அவர்களின் பெயரோ Subramaniam என்று வழங்குகிறது. ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன் Subramanyan என்று எழுதினார். முருகனின் பெயர் ஒன்றே. அதில் h இருப்பதும் இல்லாததும், i வருவதும் y வருவதும், இறுதியில் m நிற்பதும் n நிற்பதும் அவரவர்க்கு உரியவை. இவற்றுள் எது பிழை என்று கேட்பதில் பொருளில்லை. ஒருவருடைய வடிவத்தை மற்றொருவருக்கு எழுதுவதுதான் பிழை.

ஒலியைப் பின்பற்றும் வடிவமே சரியானது என்று கொண்டால் என்ன ஆகும் என்பதை 2020ஆம் ஆண்டில் நாம் பார்த்தோம். தமிழ்நாட்டில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துமுறையைத் தமிழ் உச்சரிப்பை ஒட்டி மாற்றும் அரசாணை அவ்வாண்டு சூன் மாதம் பொதுமக்கள் கவனத்திற்கு வந்தது. அதன்படி Coimbatore என்பது Koyampuththoor என்று ஆயிற்று. நோக்கம் நல்லதே. எனினும் புதிய வடிவங்கள் பலவற்றைப் பற்றி எதிர்ப்பும் நகைப்பும் எழுந்தன. சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப் பெயருக்கே இந்நிலை என்றால், மனிதரின் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

‘அவர்’ என்னும் சொல் மறைப்பது

கயல்விழிக்கு எழுத்து மட்டுமன்று, மற்றொரு தடையும் இருக்கிறது. ம. ஜோதி என்பவர் ஆணா, பெண்ணா? ஜோதி, மணி, தமிழ் போன்ற பெயர்கள் நம்மிடையே இருபாலாருக்கும் உண்டு. விளம்பரம் ‘ம. ஜோதி அவர்களுக்கு’ என்கிறது. தமிழின் மதிப்புப் பன்மை ஆணையும் பெண்ணையும் ஒன்றாகவே குறிக்கும். ‘மதிப்பிற்குரிய ம. ஜோதி அவர்களுக்கு’ என்று தமிழில் தொடங்கியிருந்தால் கயல்விழிக்கு எந்தச் சிக்கலும் எழுந்திராது. ஆங்கில அலுவலகக் கடிதமோ பெயருக்கு முன் Mr. அல்லது Ms. என்று ஒன்றை எதிர்பார்க்கிறது. ஊகித்து எழுதினால், பெண்ணை ஆணாக்கியோ ஆணைப் பெண்ணாக்கியோ கடிதத்தைத் தொடங்க நேரும். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்பவரும் இதனைப் புன்னகையோடு கடப்பார் என்று சொல்ல முடியாது.

பெயரின் எப்பகுதியை விளிப்பது என்பதும் இதனோடு சேர்ந்ததே. மேலைநாட்டு வழக்கில் பெயரின் இறுதிச் சொல் குடும்பப் பெயர்; Mr. என்பதன் பின் அதுவே வரும். தமிழர் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தையின் பெயரே தலைப்பெழுத்தாக முன்னால் நிற்கிறது. சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் அவர்களின் இயற்பெயர் ஆனந்த். விசுவநாதன் என்பது தந்தையின் பெயர். அவரை இயற்பெயரால் அழைப்பதாக எண்ணி ‘விசுவநாதன்’ என்று அழைத்தால், அழைக்கப்படுபவர் அவருடைய தந்தையே. இப்போது படிவங்களின் தேவைக்காகத் தலைப்பெழுத்தை விரித்துப் பெயருக்குப் பின்னால் எழுதுவோரும் பலர். ஆகையால் பெயரில் உள்ள இரு சொற்களுள் எது அவருடையது, எது அவருடைய தந்தையுடையது என்பதைப் பார்த்த அளவில் சொல்ல இயலாது.

முற்காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. அக்கால விண்ணப்பங்கள் ‘ஐயா’ என்று பதவியை நோக்கியே தொடங்கின. 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் பணி கேட்டு இளைஞர் இராமானுஜன் எழுதிய விண்ணப்பமும் அவ்வாறு தொடங்கியதே. அன்று அலுவலகத்தில் பெண் மேலாளர் இருக்கக்கூடும் என்று எவரும் எண்ணவில்லை என்பதும் அந்த எளிமைக்கு ஒரு காரணம்.

கேட்பதற்கு முன் தேடுதல்

கேள்வியை அனுப்பும் முன் கயல்விழி செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. விடை பொதுவெளியில் இருக்கும்போது அதைக் கேட்டு எழுதுவது, விண்ணப்பிப்பவர் தேடவில்லை என்பதையே காட்டும். எனவே அவர் முதலில் நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்க்கிறார். அதில் உரிமையாளர் பெயரும் விற்பனைப் பிரிவின் தொலைபேசி எண்களும் இருக்கின்றன. மனிதவள மேலாளர் பற்றி ஒன்றும் இல்லை. அடுத்து, பணியாளர்கள் தம் விவரங்களைத் தாமே பதிவு செய்யும் லிங்க்டுஇன் தளத்தில் தேடுகிறார். அவ்வாறு தாமே எழுதிய பக்கம் கிடைத்திருந்தால், நிறுவனத் தளத்தைவிட அதையே நம்பலாம். நிறுவனத் தளத்தில் பெயரைத் தட்டச்சு செய்தவர் வேறொருவராக இருப்பார். அங்கும் கயல்விழிக்குத் தெளிவு கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் மனிதவளத் துறையில் Jothi என்றும் Jyothi என்றும் இருவேறு மனிதர் தென்படுகின்றனர். எவரும் இந்த நிறுவனத்தைக் குறிப்பிடவில்லை.

விளம்பரத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரி jothi.m என்று தொடங்குகிறது. அதுவே விடை என்று தோன்றும். ஆனால் மின்னஞ்சல் முகவரியைப் பெயருக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. பல அலுவலகங்களில் முகவரியை உருவாக்குபவர் கணினிப் பிரிவைச் சேர்ந்தவர். அவர் காதால் கேட்டபடி எழுதியிருக்கலாம். விரும்பிய வடிவம் வேறொருவரிடம் இருந்தமையால் எழுத்தை மாற்றியும் இருக்கலாம். முன்பு அப்பதவியில் இருந்தவரின் முகவரியே தொடர்வதும் உண்டு.

தேடல் அரைமணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இனிக் கேட்பதே வழி. தொலைபேசியில் கேட்கலாமே என்றால், கேட்கலாம். ஆனால் ஆங்கில எழுத்துகளைக் காதால் வாங்குவதில் ஒரு குறை உண்டு. b, d, p, t ஆகியவை தொலைபேசியில் ஏறத்தாழ ஒன்றுபோல் ஒலிக்கும். M, n என்பவையும் அவ்வாறே. எழுதி வந்த விடையை எழுத்து மாறாமல் படியெடுக்க முடியும். தொலைபேசியை இரண்டாம் வழியாக வைத்துக்கொள்வது நல்லது.

மின்னஞ்சல்

12ஆம் நாள் திங்கட்கிழமை காலை கயல்விழி எழுதும் மின்னஞ்சல் இவ்வாறு அமையலாம். இது மேலாளரின் முகவரிக்கன்றி, இணையதளத்தில் உள்ள அலுவலகப் பொது முகவரிக்குச் செல்கிறது. ஒருவரிடமே அவர் பெயரைக் கேட்பது தவறில்லை என்றாலும், அவருக்கு எழுதும் முதல் வரி முகப்புக் கடிதமாகவே இருக்கட்டும் என்பது கருத்து.

பொருள்: கணக்கு உதவியாளர் பணி – மேலாளர் பெயரின் ஆங்கில எழுத்துமுறை அறிய வேண்டி

மதிப்பிற்குரிய அலுவலகத்தாருக்கு,

வணக்கம். 11ஆம் நாள் நாளிதழில் வெளிவந்த விளம்பரத்தைக் கண்டு, தங்கள் நிறுவனத்தின் கணக்கு உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்க உள்ளேன். முகப்புக் கடிதம் மனிதவள மேலாளர் ம. ஜோதி அவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதப்பட வேண்டும் என விளம்பரம் கூறுகிறது. அவர் தம் முழுப்பெயரை ஆங்கிலத்தில் எழுதும் முறையையும், கடிதத்தில் அவரை எவ்வாறு விளிக்க வேண்டும் என்பதையும் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். விண்ணப்பத்தை 19ஆம் நாள் அனுப்ப எண்ணியுள்ளேன்.

நன்றி.

இப்படிக்கு,
சு. கயல்விழி
S. Kayalvizhi

இதன் கீழ் அவருடைய கைப்பேசி எண் இருக்கும், வேறொன்றும் இல்லை.

இம்மின்னஞ்சலைச் சற்று நின்று பார்ப்போம். இதைப் பெறுபவர் ஒரு நாளில் பல மின்னஞ்சல்களைத் திறக்கும் அலுவலக உதவியாளர். பொருள் வரியைப் படித்தவுடனேயே, இது விண்ணப்பமன்று, ஒரு வினா என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ‘வணக்கம்’ என்றோ ‘ஓர் ஐயம்’ என்றோ பொருள் வரி இருந்திருந்தால், திறந்து படித்த பின்னரே அது தெரியும். திறப்பது பிற்பகலுக்குத் தள்ளிப் போகலாம். உடற்பகுதியில் எந்த விளம்பரம், எந்தப் பணி, எவருடைய பெயர் என்ற மூன்றும் இருக்கின்றன. ஒரே நாளில் அந்நிறுவனம் இரண்டு பணிகளுக்கு விளம்பரம் செய்திருந்தாலும் குழப்பம் வராது.

கேள்வி அமைந்திருக்கும் முறையே இதில் முதன்மையானது. ‘அவர் பெயர் Jyothi என்பது சரிதானே?’ என்று கேட்டிருக்கலாம் அல்லவா? அப்படிக் கேட்டால் விடையளிப்பவருக்கு எளிது. ‘ஆம்’ என்று ஒரு சொல் போதும். இடர் அங்கேதான் இருக்கிறது. வேலை மிகுந்த ஒருவர், முன்னால் வைக்கப்பட்ட வடிவத்தை எழுத்தெழுத்தாக ஒப்பிடமாட்டார். ஒலி பொருந்துகிறது என்ற அளவில் ‘ஆம்’ என்று எழுதிவிடுவார். பிழையான ஊகம், நிறுவனமே உறுதி செய்ததாக ஆகிவிடும். ஊகத்தை முன்வைக்காமல் கேட்டால், விடையளிப்பவர் அப்பெயரைத் தாமே தட்டச்சு செய்தாக வேண்டும். நாள்தோறும் எழுதிப் பழகிய கை, சரியான வடிவத்தையே எழுதும்.

‘அவர் ஆணா, பெண்ணா?’ என்றும் கயல்விழி கேட்கவில்லை. எவ்வாறு விளிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். விடை ஒன்றுதான், ஆனால் முதற்கேள்வி ஆளைப் பற்றியது, இரண்டாவது கடிதத்தைப் பற்றியது. திருமணம் ஆனவரா என்பதையும் இதனால் கேட்க வேண்டியதில்லை. ‘முழுப்பெயரை’ என்ற சொல்லும் வீணாக வரவில்லை. தலைப்பெழுத்து முன்னால் நிற்கிறதா, விரிந்து பின்னால் வருகிறதா என்பதையும், ‘செந்தில்குமார்’ போன்ற பெயராயின் ஒரு சொல்லா, இரு சொல்லா என்பதையும் அச்சொல்தான் வெளிக்கொணரும்.

அனுப்பவிருக்கும் நாளைக் குறிப்பிட்டது, விடையளிப்பவரை விரைவுபடுத்துவதற்காக அன்று. எப்போதுவரை விடை பயன்படும் என்று அவருக்குத் தெரிவதற்காகவே. தன்விவரக் குறிப்பை இத்துடன் இணைக்காததும் எண்ணிச் செய்ததே. ‘இருக்கட்டும்’ என்று இணைத்துவிட்டால், உதவியாளர் அதையே விண்ணப்பமாகக் கொண்டு கோப்பில் சேர்த்துவிடக்கூடும். பின்னர் வரும் முகப்புக் கடிதம் தனியே நிற்கும். தம் படிப்பைப் பற்றியும் ஆர்வத்தைப் பற்றியும் கயல்விழி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதையும் கவனிக்க. ‘சார், எச்.ஆர். பேரு ஸ்பெல்லிங் என்ன?’ என்று ஒரே வரியில் அனுப்புவது ஒரு கோடி என்றால், தன் வரலாறு முழுவதையும் சொல்லி இறுதியில் பெயரைக் கேட்பது மறுகோடி.

தமிழில் தட்டச்சு செய்யும்போது யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்த வேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. பழைய எழுத்துருக்களில் அடித்தது, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். கையொப்பத்தில் உள்ள S. Kayalvizhi என்னும் வடிவம், அவருடைய பட்டச் சான்றிதழில் உள்ளவாறே இருக்கிறது. பிறர் பெயரைக் கேட்டு எழுதுபவர் தம் பெயரை மின்னஞ்சலில் ஒருவாறும் தன்விவரக் குறிப்பில் வேறொருவாறும் எழுதினால், சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் விளக்கம் சொல்ல நேரிடும்.

விடை வந்த பின்

14ஆம் நாள் புதன்கிழமை நண்பகலில் விடை வருகிறது. மேலாளர் அம்மையாரின் பெயர் Jothy Mani என்றும், Ms. என்று குறிப்பிடலாம் என்றும் அலுவலக உதவியாளர் எழுதியிருக்கிறார். மின்னஞ்சல் முகவரியில் இருந்த i இங்கே இல்லை. கயல்விழி கருதியிருந்த நான்கு வடிவங்களுள், தாம் எழுதக்கூடியதாக அவர் கடைசியில் வைத்திருந்த வடிவம் இது.

இனி அவர் எதை எழுதுவார்? ஆங்கில வழக்கைப் பின்பற்றி ‘Dear Ms. Mani’ என்று எழுதினால், மணி என்பது தலைப்பெழுத்தாகிய ‘ம’ என்பதன் விரிவு. அது மேலாளரின் பெயரன்று. ‘Dear Ms. Jothy’ என்பது நம் ஊர் வழக்குக்குப் பொருந்தும். ஆனால் இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகவே கொண்டு பழகிய அலுவலகமாயின் சற்று நெருக்கம் மிகுந்ததாகத் தோன்றலாம். விடையில் வந்தபடியே ‘Dear Ms. Jothy Mani’ என்று முழுப்பெயரையும் எழுதுவதில் இரண்டு ஐயங்களும் இல்லை. கயல்விழி அதையே தேர்கிறார்.

பெயரை அவர் மீண்டும் தட்டச்சு செய்யாமல், விடையிலிருந்து படியெடுத்து ஒட்டுகிறார். ஒட்டும்போது விடையில் இருந்த எழுத்தின் அளவும் நிறமும் கூடவே வந்து, கடிதத்தில் பெயர் மட்டும் தனித்துத் தெரியக்கூடும். வடிவமைப்பின்றி ஒட்டும் வசதி எல்லாச் சொல்செயலிகளிலும் உண்டு. கைப்பேசியில் எழுதுவோர் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். கைப்பேசியின் விசைப்பலகை தனக்குத் தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாகத் தானே மாற்றிவிடும். சரியாக அடித்த Jothy, இடைவெளி விசையை அழுத்திய நொடியில் வேறொன்றாகியிருக்கும். அனுப்பும் முன் கடிதம் முழுவதிலும் அப்பெயரைத் தேடல் வசதியால் தேடிப் பார்க்க வேண்டும். மேல்முகவரி, விளி, மின்னஞ்சலின் உடற்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் அது ஒரே வடிவில் கிடைத்தால் சரி.

விடையளித்த உதவியாளருக்கு ‘தங்கள் விடை கிடைத்தது, மிக்க நன்றி’ என்று ஒரு வரி எழுதினால் போதும். முகப்புக் கடிதத்தில், ‘தங்கள் பெயரை அலுவலகத்தில் கேட்டறிந்தேன்’ என்று சொல்லிக்கொள்வது வேண்டாம். பெயர் சரியாக இருந்தால் படிப்பவர் அதைக் கவனிக்காமலே அடுத்த வரிக்குச் செல்வார், அதற்காகத்தான் இத்தனையும்.

விடை வராமல் போயிருந்தால்? 15ஆம் நாள் வியாழன் பிற்பகல் வரை காத்திருந்து, ஒருமுறை தொலைபேசியில் கேட்கலாம். எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக்காட்ட வேண்டும். ‘மதுரைக்கு வரும் m’, ‘நாகைக்கு வரும் n’ என்று ஊர்ப்பெயரோடு சேர்த்துச் சொன்னால் மயக்கம் நீங்கும். அதுவும் கைகூடவில்லை என்றால், ‘Dear Hiring Manager’ என்று பதவியால் விளித்து 19ஆம் நாளே அனுப்பிவிட வேண்டியதுதான். இரண்டாம் நினைவூட்டல் மின்னஞ்சல் தேவையில்லை. பெயருக்காகக் காத்திருந்து இறுதி நாளைத் தவறவிடுவதைக் காட்டிலும், பெயரில்லாத கடிதம் உரிய நாளில் சேர்வது மேல். ஊகித்து எழுதிய பெயரைவிடப் பதவிப்பெயர் பாதுகாப்பானதும்கூட.

எல்லா விண்ணப்பங்களுக்கும் இம்முயற்சி பொருந்தாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் போன்ற அமைப்புகளுக்கு இணையப் படிவத்தில் விண்ணப்பிக்கிறோம். அங்கே எவரையும் பெயரால் விளிக்கும் இடமே இல்லை. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை இணையவாயில் வழியாகப் பெறும் பெருநிறுவனங்களிலும் முகப்புக் கடிதத்தை எவரேனும் படிக்கிறார்களா என்பது ஐயமே. விளம்பரம் ‘நேரில் தொடர்புகொள்ள வேண்டா’ என்று கூறியிருந்தால் அதற்கு மாறாக எழுதக் கூடாது. ஐம்பது பேரோ இருநூறு பேரோ பணிபுரியும் நிறுவனங்களில்தான், விளம்பரத்தில் பெயர் குறிக்கப்பட்டவரே கடிதத்தைத் திறந்து படிக்கும் வாய்ப்பு மிகுதி. கயல்விழி விண்ணப்பிப்பது அத்தகைய ஓரிடம்.

தமிழிலேயே முகப்புக் கடிதம் கேட்கும் நிறுவனங்களும் உண்டு. அப்போது இச்சிக்கல் முற்றிலும் நீங்கிவிடும் என்று எண்ணிவிடலாகாது. ஸ்ரீநிவாசன் என்றும் சீனிவாசன் என்றும், கிருஷ்ணன் என்றும் கிருட்டிணன் என்றும், ராமன் என்றும் இராமன் என்றும் எழுதுவோர் நம்மிடையே இருக்கின்றனர். வடவெழுத்தை நீக்கித் தம் பெயரை எழுதுபவர் அதனை ஒரு கொள்கையாகவே கொண்டிருக்கலாம். வடவெழுத்தோடு எழுதுபவருக்கு அது பெற்றோர் இட்ட பெயரின் உருவம். ம. ஜோதி என்று விளம்பரத்தில் அச்சான பெயரை, கடிதத்தில் ‘சோதி’ என்று திருத்தி எழுதும் உரிமை விண்ணப்பிப்பவருக்கு இல்லை.